பார்த்துத் தீர்ப்பதா, தங்கிப் பழகுவதா? சோழ நாட்டுப் பயணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிக்கு விடுமுறையில் வர நினைக்கும் உறவினர்களும் நண்பர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். முடிந்தவரை பல இடங்களைப் பார்த்துவிடுவதா, சில இடங்களில் நேரம் செலவிட்டு அங்கே நடப்பதில் கலந்துகொள்வதா என்பதே அவற்றின் அடிப்படை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

எங்கே போனாலும் பார்க்கத்தானே போகிறோம்? இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

ஒரு நாளின் நேரம் எதற்குச் செலவாகிறது என்பதைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இடங்களை மையமாகக் கொண்ட பயணத்தில் நாளின் அளவுகோல் எண்ணிக்கை: காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று திட்டம் அமையும், ஒவ்வோர் இடத்திலும் முடிந்துபோன ஒரு பொருளை, அதாவது கோபுரத்தையோ சிலையையோ அரண்மனையையோ பார்ப்பீர்கள். அனுபவத்தை மையமாகக் கொண்ட பயணத்தில் இன்னும் முடியாத ஒன்றின் அருகே இருப்பீர்கள். சிலை வார்க்கப்படும் பட்டறை, தறி ஓடும் வீடு, ஒரு கோயிலில் காலைப் பூசை முதல் அர்த்தசாமப் பூசை வரை நடக்கும் ஒரு முழு நாள் போன்றவை அதில் அடங்கும்.

ஊர் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். சுவாமிமலைக்குப் போய் அறுபது படியேறி முருகனைத் தரிசித்துவிட்டு அரை மணியில் அடுத்த ஊருக்குப் புறப்படுகிறவரும் உண்டு; அதே ஊரில் இரண்டு நாள் தங்கி விக்கிரகம் செய்வதைப் பார்க்கிறவரும் உண்டு.

நாலு நாள்தான் லீவு. அதில் எத்தனை இடம் பார்க்கலாம்?

வரைபடத்தில் தூரம் மிகக் குறைவாகத் தெரிவதால்தான் எல்லோரும் கணக்குத் தவறுகிறார்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கிருந்து தாராசுரம் நான்கு, சுவாமிமலை எட்டு, கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35. இதைப் பார்த்துவிட்டு நாளொன்றுக்கு எட்டு இடம் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் இங்கே நாளை ஆள்வது தூரமன்று, நடை சாத்தும் நேரம். பெரும்பாலான கோயில்கள் பகல் 12 மணியளவில் சாத்தப்பட்டு மாலை 4 மணிக்கே திறக்கின்றன. சாலையோ குறுகலானது, ஊருக்கு ஊர் கடைத்தெரு வழியாகத்தான் வண்டி போகவேண்டும்.

ஆகவே, காலை ஆறரை மணிக்குப் புறப்படுகிற குடும்பத்துக்குக் கூட நாளொன்றுக்கு நான்கு கோயில்களே இயல்பாக அமையும். நான்கு நாளில் பதினைந்து, பதினாறு. அதற்கு மேல் எழுதப்படும் ஒவ்வொன்றும் ஏற்கெனவே எழுதியவற்றின் நேரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நண்பகல் நேரத்தை என்ன செய்வது என்பது இந்தப் பகுதிக்கே உரிய கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நிறைய இடம் பார்ப்பது வெறும் ஓட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் ஒன்றுமே மிஞ்சாதா?

மிஞ்சும், அதுவும் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கவே கிடைக்காத ஒன்று மிஞ்சும். அதுதான் ஒப்பிட்டுப் பார்க்கும் கண். இதற்குச் சோழர் கோயில்கள் மூன்றைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இராசராசன் 1010இல் முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 66 மீட்டர் உயரம். அடியிலிருந்து உச்சிவரை அதன் விளிம்பு நேர்கோடாக ஏறுகிறது. அவன் மகன் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் எழுப்பிய விமானம் சுமார் 55 மீட்டர். அதன் விளிம்பு சற்றே உள்வாங்கி வளைந்து மேலே போகிறது. தந்தையின் கோயில் நிமிர்ந்து நிற்கிறது, மகனின் கோயில் இழைகிறது என்று பலரும் சொல்வதன் பொருள், முதல் நாள் தஞ்சையையும் மறுநாள் சோழபுரத்தையும் பார்த்தவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். ஒன்றை மட்டும் நாள் முழுக்கப் பார்த்தவருக்கு எவ்வளவு விளக்கினாலும் விளங்காது.

அடுத்துத் தாராசுரத்துக்குப் போங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டியது; விமானம் ஏறத்தாழ 24 மீட்டர்தான். உயரத்தில் போட்டியிடும் எண்ணமே அங்கே இல்லை. கல்லில் செய்த வேலை முழுவதும் கீழே, கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது: குதிரை பூட்டிய தேர் வடிவ மண்டபம், கருவறையைச் சுற்றி அடிப்பகுதியில் நாயன்மார் கதைகளைச் சொல்லும் சிறுசிறு சிற்பங்கள். அவற்றுள் ஒன்றில் அவிநாசியில் முதலை உண்ட பிள்ளையைச் சுந்தரர் மீட்ட நிகழ்ச்சி ஒரு முழத்துக்கும் குறைவான இடத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளிவருவது தெரியும். இரண்டு பேருருவங்களைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்குத்தான் இந்தச் சிறிய அளவு வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது என்று தெரியும்.

ஆனால் ஒரு நிபந்தனை. பார்க்கும் இடங்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவையாகவும், இரண்டு மூன்று நாளுக்குள் அடுத்தடுத்து வருபவையாகவும் இருக்கவேண்டும். ஒரு கோயில், ஒரு பூங்கா, ஒரு கடற்கரை, ஒரு அருங்காட்சியகம் என்று கலந்து அடுக்கிய பட்டியலில் இந்தப் பயன் கிடைப்பதில்லை. ஓட்டம் என்ற பழி அப்படிப்பட்ட பட்டியலுக்கே பொருந்தும்.

அனுபவப் பயணம் என்கிறீர்கள். அங்கே போய் என்னதான் செய்வது?

சுவாமிமலையை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள ஸ்தபதிகள் மெழுகு அழிப்பு முறையில் செப்புத் திருமேனிகளை வார்க்கிறார்கள். முதல் நாள் காலை பத்து மணிக்குப் பட்டறையில் நுழைந்தால் அநேகமாக மெழுகு வேலையைத்தான் பார்ப்பீர்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவை அது. தென்னை ஓலையை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, அதையே மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு, முழங்கால் என்று, தாளம் என்ற சிற்ப அளவுமுறைப்படி அளவுகளைக் குறித்துக்கொள்கிறார்கள். கை, கால், தலை தனித்தனியே உருவாகிப் பின்னர், சூடாக்கிய கருவியால் ஒட்டப்படுகின்றன. விரல் ஒன்று மெழுகில் வளைவதைப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். வேகமாக நடக்கும் எதுவும் அங்கே இல்லை.

அடுத்தது மண். காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணை அரைத்து முதல் பூச்சாகப் பூசுவார்கள். மெழுகில் உள்ள மயிரிழை வரையும் படியவேண்டியது இந்தப் பூச்சில்தான். அது நிழலில் உலர்ந்த பின் களிமண்ணும் மணலும் கலந்த தடித்த பூச்சுகள், பெரிய உருவமானால் கம்பிக் கட்டு. பிறகு வறட்டி அடுக்கிச் சூடேற்ற, உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும்; உருவம் இருந்த இடத்தில் வெற்றிடம் நிற்கும். கரு எனப்படும் இந்த மண் அச்சு தரையில் புதைக்கப்பட்டு வாய் மட்டும் மேலே தெரிய, செம்பை முதன்மையாகக் கொண்ட உலோகக் கலவையை ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் உருக்கி, மெல்லிய தாரையாக, இடைவிடாமல் ஊற்றுவார்கள். எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதை முன்கூட்டியே மெழுகை நிறுத்து அறிந்துகொள்கிறார்கள். மெழுகின் எடையைப்போல் ஏறத்தாழ எட்டு ஒன்பது மடங்கு. தாரை நடுவில் அறுந்தால் உருவத்தில் ஒட்டு விழும், ஆகையால் ஊற்றும் சில நிமிடங்களில் பட்டறையில் யாரும் பேசுவதில்லை.

ஆறிய பின் கரு உடைக்கப்படும். ஒரு கரு ஒரு முறைக்குத்தான். வெளிவருவது கறுத்த, சொரசொரப்பான ஓர் உருவம்; கடையில் பார்க்கும் பளபளப்பு எதுவும் அதில் இராது. அரத்தாலும் உளியாலும் அதைத் தேய்த்துச் செதுக்கும் வேலை வாரக்கணக்கில் நடக்கும். இதில் நீங்கள் ‘செய்வது’ பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதும், இடையிடையே கேட்பதும்தான். கொஞ்சம் மெழுகைக் கையில் கொடுத்தால் ஒரு விரலை உருட்டிப் பார்க்கலாம். அது விரல்போல வராது என்பதும் அந்த நாளின் பாடத்தில் சேரும்.

இரண்டு நாள் தங்கி, அன்றைக்கு வார்ப்பே இல்லை என்றால் பணம் வீண்தானே?

வார்ப்பு தினமும் நடப்பதில்லை. போதுமான கருக்கள் உலர்ந்து தயாரான பிறகு, நாள் பார்த்துத்தான் உலை மூட்டுவார்கள். ஆகவே புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் பட்டறையைக் கேட்டுக்கொள்வது முறை. அமாவாசையன்று கைவினைத் தொழில்களில் பலரும் விடுமுறை விடுவதால் அந்த நாளையும் தவிர்க்கவேண்டும்.

அப்படியும் தவறிப்போகலாம். கோபுரம் நாளைக்கும் அங்கேதான் இருக்கும், உலை அப்படியில்லை. அனுபவப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பவர் இந்த இழப்பையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். ஆனால் வார்ப்பைத் தவிர மற்ற நிலைகள் எல்லாமே ஒரு சுறுசுறுப்பான பட்டறையில் ஒரே நேரத்தில் வெவ்வேறு உருவங்களில் நடந்துகொண்டிருக்கும். ஆகையால் வெறுங்கையோடு திரும்ப நேராது.

‘அனுபவம்’ என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு நாடகம் காட்டுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் வராமல் இருந்தாலும் அந்த வேலை அன்று நடந்திருக்குமா என்று பாருங்கள். நடந்திருக்கும் என்றால் அது உண்மையான பட்டறை. நடந்திருக்காது என்றால் அது காட்சி. மண்பானைச் சக்கரத்தைக் கால் மணி நேரம் சுற்றவிட்டு, வேட்டி கட்டிவிட்டு, படம் எடுத்து அனுப்புவது காட்சி. குழந்தைகளுக்கு அது மகிழ்ச்சி தரலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அதை அனுபவப் பயணத்தின் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

வேறு அடையாளங்களும் உண்டு. உண்மையான பட்டறையில் அரைகுறையாகக் கிடக்கும் பொருள்கள் அதிகம், முடிந்தவை குறைவு. காட்சிப் பட்டறையில் நேர்மாறு, வாசலிலேயே விற்பனைக் கூடம் இருக்கும். உண்மையான இடத்தில் உங்கள் கேள்விக்கு விடை வரச் சற்றுத் தாமதமாகும், கை வேலையில் இருப்பதால். வண்டி ஓட்டுநர் தாமாகவே ஒரு குறிப்பிட்ட கடைமுன் நிறுத்தினால் அங்கே அவருக்குப் பங்கு உண்டு என்று எண்ணிக்கொள்வது பெரும்பாலும் தவறாகாது.

செலவு எதில் கூடும்?

பல இடங்கள் பார்க்கும் பயணத்தில் வண்டி வாடகை கூடும், அனுபவப் பயணத்தில் தங்கும் செலவு கூடும். ஒரே ஊரில் தங்கினால் நகரப் பேருந்தும் ஆட்டோவும் போதும். பட்டறைகளில் பார்ப்பதற்குக் கட்டணம் கேட்காத இடங்களே அதிகம். ஆனால் ஒரு நாள் முழுவதும் ஒருவருடைய வேலை நேரத்தைப் பகிர்ந்துகொண்டவர் எதையாவது வாங்குவதோ, முன்பே பேசி ஒரு தொகை தருவதோ நியாயம்.

ஒரே கோயிலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் அலுத்துப்போகாதா?

அலுக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கட்டாயம் அலுக்கும்; அதன் பிறகுதான் சில விஷயங்கள் தெரியத் தொடங்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று கேட்டிருப்பீர்கள். நாற்பது நிமிடத்தில் சுற்றிவிட்டுப் போகிறவர் அதை அப்படியே எடுத்துச் சென்று ஊரில் பத்துப் பேருக்குச் சொல்கிறார். காலை எட்டு மணிக்குக் கருவறைக்குப் பின்புறம், மேற்குத் திருச்சுற்றில் போய் நில்லுங்கள். விமானத்தின் நிழல் முற்றத்தில் நீளமாகக் கிடக்கும். வெயில் ஏற ஏற அது சுருங்கி, ஆண்டின் பல மாதங்களில் உச்சிப்பொழுதில் அகன்ற அடித்தளத்தின் மேலேயே அடங்கிவிடுகிறது. கதைக்குக் காரணம் அந்த ஒரு பொழுதுதான். மாலையில் நிழல் மறுபக்கம், நந்தி இருக்கும் கிழக்குத் திசையில் நீள்கிறது.

இதை நான் எழுதியதை வாசித்து அறிவதற்கும், காலை நிழலில் தொடங்கி மாலை நிழல் வரை அங்கேயே இருந்து அறிவதற்கும் வேறுபாடு உண்டு. பின்னவர் இனி எந்த வழிகாட்டி என்ன சொன்னாலும் ஒரு முறை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

படம் எடுத்துக்கொண்டே இருந்தால் நினைவில் நிற்காது என்கிறார்கள். உண்மையா?

ஓரளவு உண்மை. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஓர் அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்தவர்களிடம் சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, முழுமையாகப் படம் எடுத்த பொருள்களைவிடப் பார்த்த பொருள்களே அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை; நெருக்கி எடுக்க வேண்டுமானால் எதை எடுப்பது என்று முதலில் பார்த்தாகவேண்டும்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். விமானம் முழுவதும் தெரியும் படம் உங்களுக்குத் தேவையில்லை, உங்களைவிட நன்றாக எடுத்தவர்கள் ஆயிரம் பேர். தாராசுரத்து முதலையை எடுங்கள். பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டில் உங்களுக்குப் படிக்க வந்த ஓர் எழுத்தை எடுங்கள். பல இடங்கள் பார்க்கும் பயணத்துக்கு இந்தப் பழக்கம் மிகவும் அவசியம், ஏனென்றால் அதில்தான் நினைவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து எந்தத் தூண் எந்தக் கோயிலில் இருந்தது என்பதே குழம்பிப்போகும்.

நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் முடித்தோம். அதை எந்த வகையில் சேர்ப்பீர்கள்?

இரண்டிலும் சேர்க்கமாட்டேன். சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீசுவரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேசுவரம், கீழப்பெரும்பள்ளம் என்று விடியலில் புறப்பட்டு இரவில் முடிப்பவர் ஒரு வேண்டுதலை நிறைவேற்றுகிறார். ஒன்பதும் முடிந்தது என்பதே அதன் பயன். எண்ணிக்கை அங்கே குறையே இல்லை, எண்ணிக்கைதான் காரியம். சிற்பம் பார்க்கவில்லையே என்று அவரைக் கேட்பது பொருந்தாது.

சிக்கல் எப்போது வருகிறது என்றால், வேண்டுதலுக்கு வந்த பாட்டியையும் சுற்றிப் பார்க்க வந்த பேரப்பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்றி, இரண்டும் ஒரே பயணம் என்று நினைத்துக்கொள்ளும்போதுதான். வேண்டுதலுக்கு ஒரு நாளைத் தனியே ஒதுக்கிவிட்டு, மீதி நாள்களை வேறு கணக்கில் திட்டமிடுவது எல்லோருக்கும் நல்லது.

வயதான அப்பா அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். யாருக்கு எது சரிப்படும்?

பிள்ளைகளுக்குப் பட்டறை, பெரியவர்களுக்குக் கோயில் என்று பலரும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். முதியவர்களுக்குக் கடினமாவது வண்டியில் ஏறி இறங்குவதும், வெயிலில் காய்ந்த கல்தரையில் வெறுங்காலோடு நடப்பதும்தான். நான்கு கோயில் என்றால் அது நான்கு முறை. நாற்காலி போட்டு உட்கார்ந்து தறியையோ மெழுகு வேலையையோ பார்ப்பது அவர்களுக்கு எளிது. அதோடு தொழில் செய்பவரிடம் பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் கேட்க அதிகம் இருக்கும். திருபுவனத்துத் தறியின் முன் அமர்ந்த அம்மாக்கள் தம் கலியாணப் புடவையிலிருந்து தொடங்கிவிடுவார்கள், எழுப்பிக் கூட்டிவருவதுதான் பெரிய பாடு.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மெதுவான வேலையை அரை மணிக்கு மேல் பொறுப்பதில்லை. அவர்களுக்கு ஒரு தேடலைக் கொடுத்துக் கோயிலில் விட்டுவிடலாம்: தாராசுரத்தில் ஒரே தலையை யானையும் காளையும் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டையும் பாதிப் பாதி கலந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

எந்த வரிசையில் கலக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காலையில் கோயில், பகலில் பட்டறை என்று தினமும் கலப்பது பார்வைக்கு நன்றாக இருக்கும். நண்பகல் இடைவெளியும் நிரம்பும். ஆனால் பட்டறை ஒரு மணி நேர நிறுத்தமாகச் சுருங்கி, மேலே நாடகம் என்று சொன்னதற்கு மிக அருகில் வந்துவிடும். முதலில் அகலம், பிறகு ஆழம் என்று நாள்களைப் பிரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நான்கு நாள் கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டுகிறேன். சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து தஞ்சாவூரில் இறங்குங்கள். முதல் நாள் காலை பெரிய கோயில். நடை சாத்திய பிறகு அரண்மனையில் உள்ள கலைக்கூடம். அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த, 1011ஐ ஒட்டிய காலத்து ரிடபவாகனரின் செப்புத் திருமேனி இருக்கிறது. சாய்ந்து நிற்பதற்குரிய காளை இப்போது இல்லை. வளைந்த கை ஒன்றுமில்லாத இடத்தில் ஊன்றியிருக்கிறது, ஆனாலும் உடலின் பாரம் அந்தக் கையில் இறங்குவது தெரிகிறது. அதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாலையில் கும்பகோணம் போய் மீதி நாள்களும் அங்கேயே தங்கிவிடுங்கள், அறையை மாற்றாதீர்கள். இரண்டாம் நாள் காலை அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். வடக்கு வாயிலருகே சண்டேசருக்குச் சிவன் தம் கையால் மாலை சூட்டும் சிற்பத்தைத் தவறவிடக் கூடாது. திரும்பி வந்து உணவும் ஓய்வும், மாலையில் தாராசுரம். மூன்று சோழர் கோயில்களும் இரண்டு நாளில் வரிசையாக முடிந்துவிடும்.

மூன்றாம் நாள் சுவாமிமலைப் பட்டறை, காலை முதல் மாலை வரை. முந்தாநாள் ரிடபவாகனரைப் பார்த்த கண்ணோடு வருவதால், மெழுகில் ஒரு தோள் சாய்வதை ஸ்தபதி ஏன் மீண்டும் மீண்டும் திருத்துகிறார் என்று கேட்கத் தோன்றும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் அந்தக் கேள்வி எழாது. நான்காம் நாளை எழுதாமல் விடுங்கள். அதே பட்டறைக்குத் திரும்பலாம். ஆடுதுறையை அடுத்த நரசிங்கம்பேட்டையில் பழைய ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்வதைப் பார்க்கலாம். தாராசுரத்துக்கே மறுபடி போகலாம். இரண்டாம் முறை போகத் தோன்றும் இடம் எது என்பது முதல் மூன்று நாள் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

இந்தப் பக்கம் முதல் தடவையாக வருகிறோம், திரும்ப வருவோமா என்று தெரியாது. அப்போது எது?

திரும்ப வர வாய்ப்பில்லை என்றால் இடங்களின் பக்கமே சாயவேண்டும் என்பது என் கருத்து. வெளிநாட்டிலிருந்து மூன்று நாளுக்கு வரும் குடும்பத்தைப் பட்டறையில் உட்காரவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று கோயில்களையும் கலைக்கூடத்தையும் பார்த்துவிட்டால், பிறகு எங்கே எந்த அருங்காட்சியகத்தில் சோழர் செப்புத் திருமேனியைக் கண்டாலும் அதை எதனோடு வைத்துப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அனுபவப் பயணம் அருகில் இருப்பவர்களுக்கும், ஏற்கெனவே ஒருமுறை சுற்றியவர்களுக்கும் அதிகம் பலன் தருவது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு தொழிலில் கை பழகியவர்கள், அதாவது தச்சரோ, நகை செய்பவரோ, இசைக்கருவி வாசிப்பவரோ, முதல் வருகையிலேயே பட்டறைக்குப் போகலாம். மற்றவர்கள் ஒரு நாளில் பார்ப்பதை அவர்கள் ஒரு மணியில் பார்த்துவிடுவார்கள்.

அவருக்கு இடம் இடமாகப் போகவேண்டும், எனக்கு ஓரிடத்தில் உட்காரவேண்டும். ஒவ்வொரு லீவிலும் இதே சண்டை. என்ன செய்வது?

ஒரு பகல் பிரிந்து போங்கள். தூரங்கள் சிறியவை என்று தொடக்கத்தில் சொன்னது இங்கே உதவும். மூன்றாம் நாள் காலை ஒருவர் சுவாமிமலையில் இறங்கிக்கொள்ளட்டும். மற்றவர் வண்டியோடு திருவலஞ்சுழி, நாச்சியார்கோயில், திருபுவனம் என்று போய்வரட்டும். மாலை நாலரைக்குச் சுவாமிமலைக் கோயில் படியடியில் சந்திக்கலாம். இரவுச் சாப்பாட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல ஏதாவது இருக்கும். சேர்ந்தே போயிருந்தால் இருவரில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

பிரிய மனமில்லை என்றால், முழுப் பயணத்தையும் பேரம் பேசாமல், ஒவ்வொருவரும் விட்டுக்கொடுக்கமுடியாத ஒன்றை மட்டும் முன்னரே சொல்லிவிடுவது நல்லது. அவருக்குக் கங்கைகொண்ட சோழபுரம், உங்களுக்கு ஒரு முழுப் பகல் பட்டறை என்று உறுதியானால், மீதியில் எது விடுபட்டாலும் பெரிதாகத் தோன்றாது. ஏப்ரல், மே மாதங்களில் வருவதாக இருந்தால் இந்த ஒப்பந்தம் தானாகவே நடந்துவிடும்: காலை பத்து மணிக்கு மேல் கோயில் முற்றத்துக் கல்லில் கால் வைக்கமுடியாது, அவரும் நிழல் தேடிப் பட்டறைக்குத்தான் வரவேண்டியிருக்கும்.